கஃபீன் போன பிறகு காபியில் என்ன மிச்சம்?

(வேதியியல் மாணவர்களும் காபி வறுக்கும் தொழிலில் இருப்பவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கஃபீன் நீக்கிய காபியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதுமே வாசலில் ஒரு நண்பர் கேட்டார்: "கஃபீனைப் பொடியிலிருந்து எடுக்கிறார்களா, டிகாக்‌ஷனிலிருந்து எடுக்கிறார்களா?" பலருக்கும் இருக்கிற சந்தேகம் இது. விடை, இரண்டிலிருந்தும் இல்லை. வறுப்பதற்கு முன்னாலேயே, பச்சைக் கொட்டையாக இருக்கும்போதே அந்த வேலை முடிந்துவிடுகிறது. ஏன் அப்படி என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நாம் காபி மணம் என்று சொல்கிறோமே, அது பச்சைக் கொட்டையில் கிடையாது. பச்சைக் கொட்டையைக் கையில் அள்ளி மோந்து பாருங்கள். காய்ந்த புல், பட்டாணி, கொஞ்சம் மண் என்றுதான் மணக்கும். வறுக்கும்போது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் மற்றவையும் ஒன்றோடொன்று வினைபுரிந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்கள் உண்டாகின்றன. அவை எளிதில் ஆவியாகிவிடும், எளிதில் கரைந்தும் போய்விடும். வறுத்த கொட்டையைக் கரைப்பானில் போட்டால் கஃபீன் வருவதற்குள் மணம் வெளியே வந்துவிடும். பச்சைக் கொட்டையில் அந்த மணம் இன்னும் பிறக்கவில்லை. பறிகொடுக்க அது அங்கே இல்லை. ஆனால் அது பிறப்பதற்கான மூலப்பொருள்கள் இருக்கின்றன. அவற்றைக் கரையவிடாமல் காப்பாற்றுவதுதான் இந்தத் தொழிலின் முழுச் சிரமமும்.

ஒரு மூட்டையை எடுத்துக்கொள்வோம். 60 கிலோ அராபிகா பச்சைக் கொட்டை. அதில் கஃபீன் சுமார் 700 கிராம். ரோபஸ்டாவாக இருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு, 1,300 கிராம் இருக்கும். அதே அராபிகா மூட்டையில் சர்க்கரை நான்கைந்து கிலோ இருக்கிறது. காபியின் புளிப்புக்கும் துவர்ப்புக்கும் பின்னால் இருக்கும் குளோரோஜெனிக் அமிலங்கள் நான்கு கிலோ அளவுக்கு இருக்கின்றன. டிரைகோனெல்லின் என்று ஒன்று, அரை கிலோவுக்கு மேல்; வறுக்கும்போது அது சிதைந்துதான் மணத்தில் ஒரு பங்கு வருகிறது. இவை எல்லாமே தண்ணீரில் கரையக்கூடியவை. ஆக, நமக்குத் தரப்பட்ட கணக்கு இதுதான்: கரையக்கூடிய பத்துக் கிலோவில் 700 கிராமை மட்டும் வெளியே எடுக்க வேண்டும், மீதி இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. கொட்டைக்குள் கஃபீன் தனியாகச் சும்மா கிடக்கவில்லை. பெரும்பகுதி குளோரோஜெனிக் அமிலத்தோடு தளர்வாகப் பிணைந்து கிடக்கிறது. காய்ந்த பச்சைக் கொட்டையில் ஈரம் பத்துப் பன்னிரண்டு சதவீதம்தான். அந்த நிலையில் எந்தக் கரைப்பானை ஊற்றினாலும் கஃபீன் அசைவதில்லை. கொட்டையை ஆவியில் காட்டியோ, வெந்நீரில் ஊறவைத்தோ உப்பவைக்க வேண்டும். ஈரம் ஏறினால்தான் பிணைப்பு விடும், செல்களுக்கு நடுவே வழி திறக்கும். அதனால், 'தண்ணீரே படாத முறை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இன்று நடைமுறையில் உள்ள எல்லா முறைகளிலும் முதல் படி கொட்டையை நனைப்பதுதான். சுவையில் ஏற்படும் சேதத்தில் பெரிய பங்கு இந்த முதல் படியிலும், கடைசியில் மறுபடி உலர்த்தும் படியிலும்தான் நடக்கிறது என்பது என் கருத்து. ஆனால் நடுவில் பயன்படுத்தும் கரைப்பானைப் பற்றித்தான் ஊர் முழுக்கப் பேசுகிறது.

கஃபீனை முதலில் தனியாகப் பிரித்தவர் பிரீட்லீப் ருங்கே என்ற ஜெர்மானிய வேதியியலாளர். ஆண்டு 1819. கவிஞர் கோதே அவரிடம் ஒரு பிடி காபிக் கொட்டையைக் கொடுத்து இதை ஆராய்ந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். அப்போது ருங்கே இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். ஆனால் கஃபீன் இல்லாத காபியைக் கடைக்குக் கொண்டுவர அதன்பின் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பிரெமன் துறைமுக நகரத்தில் காபி வணிகம் செய்த லுட்விக் ரோசெலியஸ் அதைச் செய்தார். கடல்நீரில் நனைந்துபோன ஒரு சரக்கில் கஃபீன் குறைந்திருந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, அவரும் கூட்டாளிகளும் காப்புரிமை பெற்ற முறையில் கொட்டையை முதலில் நீராவியில் உப்பவைத்தார்கள், பிறகு பென்சீனால் கழுவினார்கள். 1906-இல் 'காபி ஹாக்' என்ற நிறுவனம் எழுந்தது. பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பது இன்று நமக்குத் தெரியும். உணவுத் தொழிலில் அதற்கு இடமில்லை. ஆனால் ஆவியில் உப்பவைத்தல், கரைப்பானால் கழுவுதல், மறுபடி ஆவி பாய்ச்சிக் கரைப்பானை விரட்டுதல், உலர்த்துதல் என்ற அந்த வரிசை இன்றும் அப்படியே இருக்கிறது. கரைப்பான்தான் மாறியது.

இப்போது அந்த இடத்தில் இருப்பது பெரும்பாலும் டைகுளோரோமீத்தேன். மெத்திலீன் குளோரைடு என்றும் சொல்வார்கள். நம் மூட்டையை அந்த ஆலைக்குள் அனுப்பிப் பார்ப்போம். கொட்டை ஒரு பெரிய உருளைக்குள் விழுகிறது. அரை மணி நேரம் நீராவி. காய்ந்து இறுகிக் கிடந்த கொட்டை, ஊறிய கடலையைப் போலத் தடித்துவிடும். பச்சை நிறம் மங்கிப் பழுப்பு ஏறத் தொடங்கும். அதன்பின் கரைப்பானை உள்ளே விட்டு, வடித்து, புதிதாக விட்டு, மறுபடி வடித்து, பல மணி நேரம் கழுவுவார்கள். டைகுளோரோமீத்தேனுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. கஃபீனை அது விரும்பி இழுக்கும். சர்க்கரையை ஏறக்குறைய தொடாது. நாம் போட்ட கணக்குக்குப் பொருத்தமான கரைப்பான் அது. சுவையைக் காப்பதில் இந்த முறைக்கு இன்றும் நல்ல பெயர் இருப்பது அதனால்தான். கழுவி முடித்தபின் மணிக்கணக்காக நீராவி பாய்ச்சிக் கரைப்பானை வெளியேற்றுவார்கள். கடைசியில் கொட்டையைப் பழைய ஈரத்துக்கு உலர்த்துவார்கள். கரைப்பானைக் காய்ச்சி வடித்து மறுபடி பயன்படுத்துவார்கள். அடியில் தங்கும் கஃபீனைச் சுத்தம் செய்து குளிர்பான ஆலைகளுக்கும் மருந்து ஆலைகளுக்கும் விற்பார்கள்.

இதன் பாதுகாப்பைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். டைகுளோரோமீத்தேனை நாள்தோறும் சுவாசிப்பவருக்கு அது கெடுதி. அதில் ஐயமே வேண்டாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-இல் அதன் வீட்டுப் பயன்பாடுகளையும் பெரும்பாலான தொழில் பயன்பாடுகளையும் தடை செய்தது. பெயின்ட் உரிக்கும் தொழிலாளர்கள் அதன் ஆவியில் இறந்திருக்கிறார்கள். காபியில் அதைப் பயன்படுத்துவது வேறு சட்டத்தின் கீழ் வருவதால் அந்தத் தடை அங்கே செல்லாது. வறுத்த கொட்டையில் மிஞ்சக்கூடிய அளவு அமெரிக்காவில் பத்து லட்சத்தில் 10 பங்கு. ஐரோப்பாவில் 2 பங்கு. அந்தப் பொருள் 40 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். கொட்டையை நாம் 200 டிகிரிக்கு மேல் வறுக்கிறோம். அதற்குப் பிறகு வெந்நீரும் ஊற்றுகிறோம். கோப்பைக்கு வந்து சேரும் அளவைக் கண்டு குடிப்பவர் அஞ்சுவதைவிட, அந்த ஆலைக்குள் நிற்பவரின் மூச்சைப் பற்றி நாம் கவலைப்படுவது நியாயம்.

எத்தில் அசிடேட் என்ற இன்னொரு கரைப்பானும் உண்டு. பழுத்த பழங்களில் இயற்கையாகவே இருப்பது அது. கொலம்பியாவில் கரும்புப் பாகிலிருந்து அதைத் தயாரித்து, அங்கேயே விளையும் காபியை அங்கேயே கழுவி ஏற்றுமதி செய்கிறார்கள். 'கரும்பு முறை' என்ற பெயரில் இப்போது அது பரவலாகி வருகிறது. கரும்பிலிருந்து வந்தாலும் பெட்ரோலியத்திலிருந்து வந்தாலும் எத்தில் அசிடேட் மூலக்கூறு ஒன்றேதான். 'இயற்கை' என்ற சொல்லுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் சுவைக்காகக் கொடுக்கலாம். சில கொலம்பியக் கொட்டைகளில் இந்த முறைக்குப் பின் பழக் கனிவும் இனிப்பும் தூக்கலாக வருவது உண்மை. கொட்டை விளைந்த நாட்டிலேயே, புதிதாக இருக்கும்போதே வேலை முடிவதும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இனி, வெறும் தண்ணீரால் செய்யும் முறை. எனக்கு இதில் ஒரு தனி மதிப்பு உண்டு. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

தண்ணீருக்குக் கஃபீனைக் கரைக்கும் திறமை வெப்பத்தைப் பொறுத்து மாறும். அறை வெப்பத்தில் ஒரு லிட்டரில் 20 கிராம் அளவுதான் கரையும். கொதிக்கும் நீரில் 600 கிராமுக்கு மேல் கரையும். ஆகவே வெந்நீர் போதும், கஃபீன் வந்துவிடும். பிரச்சினை, தண்ணீருக்குப் பாகுபாடு தெரியாது. சர்க்கரை, அமிலங்கள், டிரைகோனெல்லின் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிடும். அப்படி வெந்நீரில் ஊறவைத்து எடுத்த கொட்டையை வறுத்தால் கிடைப்பது சக்கை.

இதற்குக் கண்டுபிடித்த வழி அழகானது. உப்பில் ஊறிய நெல்லிக்காயை நல்ல தண்ணீரில் போட்டால் உப்பு வெளியே இறங்கிவிடும். அதே உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தால் இறங்காது. உள்ளேயும் வெளியேயும் உப்பு சமமாக இருப்பதால் இறங்கக் காரணமில்லை. அதையேதான் இங்கே செய்கிறார்கள். முதலில் ஒரு தொகுதிப் பச்சைக் கொட்டையை வெந்நீரில் ஊறவைத்து, கரையக்கூடியது எல்லாவற்றையும் கரையவிடுகிறார்கள். அந்தக் கொட்டை வீண்தான். அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். கிடைத்த சாற்றைக் கரித்தூள் நிரப்பிய தொட்டி வழியே ஓட்டுவார்கள். அந்தக் கரியின் நுண்துளைகள் கஃபீனைப் பிடித்துக்கொள்ளும் வகையில் பக்குவப்படுத்தப்பட்டிருக்கும். வெளியே வருவது, காபியின் கரையும் பொருள்கள் அனைத்தும் நிறைந்த, கஃபீன் மட்டும் இல்லாத ஒரு சாறு. இனி இதுதான் ஆலையின் கரைப்பான்.

இப்போது நம் மூட்டையை இந்தச் சாற்றில் ஊறவைத்தால் என்ன ஆகும்? சர்க்கரை உள்ளேயும் இருக்கிறது, வெளியேயும் அதே அளவு இருக்கிறது, அது நகராது. அமிலங்களும் அப்படித்தான். கஃபீன் உள்ளே இருக்கிறது, வெளியே இல்லை. அது மட்டும் வெளியே வரும். வந்த கஃபீனைக் கரி பிடித்துக்கொள்ளும், சாறு மறுபடி கொட்டைக்குத் திரும்பும். இப்படி எட்டுப் பத்து மணி நேரம் சுற்றிச் சுற்றி ஓட்டினால் 700 கிராமில் மிஞ்சுவது ஒரு கிராமுக்கும் கீழே என்று இந்த முறைக்காரர்கள் சொல்கிறார்கள். இதன் வேர் 1930-களில் சுவிட்சர்லாந்தில். பெரிய அளவில் நிலைபெற்றது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், 1980-களின் கடைசியில். பெயரில் சுவிஸ் இருந்தாலும் ஆலை கனடாவில்தான்.

இந்த முறையிலும் குறை உண்டு. கொட்டை விளைந்த ஊருக்கு ஊர் உள்ளிருக்கும் பொருள்களின் விகிதம் மாறும். ஆனால் சாறு ஒன்றுதான், அதை ஆலை தொடர்ந்து பயன்படுத்துகிறது. எத்தியோப்பியக் கொட்டையும் பிரேசில் கொட்டையும் ஒரே வகைச் சாற்றில் ஊறும்போது, ஒவ்வொன்றின் தனிக்குணமும் கொஞ்சம் நடுநிலைக்கு இழுக்கப்படுகிறது. மணிக்கணக்காக வெந்நீர்ச் சூடு படுவதும் சும்மா போகாது. அதனால் வட்டமாக, மென்மையாக, ஆனால் கூர்மை குறைந்த காபி கிடைக்கிறது. கரியில் சிக்கிய கஃபீனை விற்கவும் முடியாது. கரியை மறுபடி பயன்படுத்த உலையில் இட்டுச் சூடேற்றும்போது அது எரிந்துபோகும். விலை கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கார்பன் டைஆக்சைடு முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 31 டிகிரிக்கு மேல், காற்றழுத்தத்தைப் போல் 73 மடங்குக்கும் மேல் அழுத்தம் கொடுத்தால் அந்த வாயு திரவமும் இல்லாமல் வாயுவும் இல்லாமல் ஒரு நடு நிலைக்கு வரும். வாயுவைப் போல இடுக்கில் நுழையும், திரவத்தைப் போலக் கரைக்கும். ஜெர்மனியின் மூல்ஹைம் நகரில் நிலக்கரி ஆராய்ச்சிக்கான மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் குர்ட் சோசெல் 1960-களில் இதைக் காபிக்குப் பொருத்தினார். ஈரமான பச்சைக் கொட்டையில் அது கஃபீனை எடுத்தது, சர்க்கரையைத் தொடவில்லை. நம் கணக்குக்கு மிக நெருக்கமான விடை இதுதான் என்று சொல்லலாம். ஆனால் இருநூறு மடங்கு அழுத்தம் தாங்கும் எஃகுக் கலன்கள் வேண்டும். ஆயிரக்கணக்கான மூட்டைகளை ஒரே சீராக ஓட்டுபவருக்குத்தான் கட்டுப்படியாகும். சிறு தோட்டத்துச் சிறப்புக் கொட்டை இந்த ஆலைகளுக்குள் போவது அரிது.

சரி, மூட்டை வெளியே வந்துவிட்டது. சுவைக்கு என்ன ஆயிற்று?

கஃபீன் கசக்கும்; அது போனால் கசப்பு போய்விடும், அதனால்தான் சுவை மாறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். காபியின் கசப்பில் கஃபீனின் பங்கு ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். மீதிக் கசப்பு, குளோரோஜெனிக் அமிலங்கள் வறுபடும்போது உருமாறி உண்டாகும் பொருள்களிலிருந்து வருகிறது. கறுக்க வறுத்த காபியின் கடுங்கசப்பும் அந்த வழியில் வந்ததுதான். அதனால்தான் கஃபீன் நீக்கிய காபியும் நன்றாகவே கசக்கிறது. கஃபீன் போனதால் சுவை கெட்டது என்பதைவிட, கஃபீன் போகும்போது கூடப் போனவற்றாலும் பட்ட சூட்டாலும் சுவை மாறியது என்பதே சரி. சர்க்கரையில் கொஞ்சம் கரைந்து போயிருக்கும். அது குறைந்தால் வறுக்கும்போது வரும் கேரமல் மணமும் பழப் புளிப்பும் குறையும். ஆவியில் வெந்தபோதே சில வினைகள் தொடங்கிவிட்டிருக்கும். சரியாகச் செய்யாத சரக்கில் வேகவைத்த பயறு, ஈர அட்டை போன்ற ஒரு வாடை நாக்கின் பின்பக்கம் நிற்கும். கோப்பை ஆறிய பிறகு குடித்துப் பாருங்கள், அந்த வாடை அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

ஆனால் பழி முழுவதையும் முறையின் மேல் போடக்கூடாது. நெடுங்காலமாகப் பழைய சரக்கு, இரண்டாம் தரச் சரக்கு ஆகியவற்றைத்தான் கஃபீன் நீக்க அனுப்பினார்கள். போகும்போதே மங்கிப்போன கொட்டை திரும்பி வரும்போது எப்படிப் பொலியும்? நல்ல புதுச் சரக்கை அனுப்பினால் நல்ல சரக்கு திரும்பி வருகிறது என்பதைச் சமீப ஆண்டுகளில் சிறு வறுவல்காரர்கள் காட்டியிருக்கிறார்கள்.

வறுப்பவர்கள் இங்கே இருப்பதால் ஒரு செய்தியைக் கிட்டத்தில் வைத்துக் காட்ட விரும்புகிறேன். கஃபீன் நீக்கிய கொட்டை பச்சையாக இருக்கும்போதே பச்சை நிறமாக இருக்காது. வெளிர் பழுப்பிலிருந்து அடர் பழுப்பு வரை இருக்கும். நிறத்தைப் பார்த்து வறுக்கும் பழக்கமுள்ளவர் இங்கேதான் ஏமாறுவார். வழக்கமான கொட்டையில் பச்சை வெளுத்து, மஞ்சளாகி, பழுப்பாவதைப் பார்த்து அடுப்பைக் கூட்டிக் குறைக்கிறோம். இதில் அந்தப் படிகள் கண்ணுக்குத் தெரியாது. பழுப்பைப் பார்த்து வறுவல் முன்னேறிவிட்டது என்று எண்ணி இறக்கினால் உள்ளே வேகாமல் தானிய வாடை அடிக்கும். முதல் வெடிச் சத்தமும் மெலிதாக, சிதறலாக வரும். இயந்திர இரைச்சலில் கேட்காமலே போகும். கொட்டையின் கட்டுமானம் ஏற்கெனவே ஒருமுறை உப்பித் தளர்ந்துவிட்டதால், வெடிப்புக்குப் பிறகு சூடு வேகமாக ஓடும்; மேலே எண்ணெயும் சீக்கிரமே கசியும். வழக்கமான கொட்டையில் எண்ணெய் மினுக்கம் என்றால் கறுத்த வறுவல் என்று அர்த்தம். இதில் நடுத்தர வறுவலிலேயே அது வரலாம். ஆகவே கண்ணை விட்டுவிட்டு, வெப்பமானியையும், மோப்பத்தையும், வறுத்தபின் எடை எவ்வளவு குறைந்தது என்பதையும் நம்புங்கள். தொடக்கச் சூட்டைக் கொஞ்சம் குறைத்து, வெடிப்புக்குப் பிறகு அடுப்பை இன்னும் தணித்துக் கொண்டுபோவது நல்லது.

அரைக்கும்போதும் வித்தியாசம் தெரியும். கொட்டை மொரமொரவென்று உடைவதால் மாவுத்தூள் அதிகம் விழும். நம் பித்தளை, எவர்சில்வர் பில்டரில் அந்த மாவு துளையை அடைத்துக்கொள்ளும். டிகாக்‌ஷன் இறங்காமல் நிற்கும், நின்றதெல்லாம் துவர்க்கும். ஒரு படி கொரகொரப்பாக அரைத்து, பொடியை லேசாக மட்டும் அழுத்தினால் சரியாகிவிடும். எண்ணெய் வெளியே வந்துவிட்டதால் காறலும் சீக்கிரம் ஏறும். மாதக் கணக்கில் டப்பாவில் வைக்காமல் இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவது நல்லது. பாலும் சர்க்கரையும் சிக்கரியும் சேரும் நம் காபியில் மென்மையான குறைகள் பல மறைந்துவிடும். பால் சேர்க்காமல் குடிப்பவர்தான் அவற்றை உணர்வார்.

இனி, எவ்வளவு கஃபீன் மிஞ்சுகிறது?

நம் மூட்டைக்கே திரும்புவோம். 60 கிலோ பச்சைக் கொட்டையை வறுத்தால் 51 கிலோ அளவு கிடைக்கும். ஒரு தம்ளருக்குப் பத்துக் கிராம் பொடி என்றால் 5,100 தம்ளர். கஃபீன் நீக்காமல் இருந்திருந்தால் 700 கிராம் அத்தனை தம்ளருக்கும் பங்கிட்டு, ஒன்றுக்கு 137 மில்லிகிராம். அமெரிக்காவில் வழக்கமாகச் சொல்லும் அளவு 97 சதவீதம் நீக்கியது. அப்படியானால் மிச்சம் 21 கிராம். தம்ளருக்கு 4 மில்லிகிராம். இதுவே ரோபஸ்டாவாக இருந்தால் 97 சதவீதம் நீக்கியும் 39 கிராம் மிஞ்சும். தம்ளருக்கு 7, 8 மில்லிகிராம். பொடியில் உள்ளது முழுவதும் டிகாக்‌ஷனில் இறங்கிவிட்டதாக வைத்துப் போட்ட கணக்கு இது. உண்மையில் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஐரோப்பிய விதி வேறு மாதிரி. எவ்வளவு எடுத்தாய் என்று அது கேட்பதில்லை, எவ்வளவு மிச்சம் என்று கேட்கிறது: வறுத்த காபியின் எடையில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பத்துக் கிராமுக்கு அது 10 மில்லிகிராம்.

இங்கேதான் பொட்டலத்தின் மேல் உள்ள வாசகத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். '99.9 சதவீதம் கஃபீன் நீக்கப்பட்டது' என்பது ஒன்று, '99.9 சதவீதம் கஃபீன் இல்லாதது' என்பது வேறு. முதல் வாசகத்தின்படி நம் தம்ளரில் இருப்பது 0.14 மில்லிகிராம். இரண்டாவது, எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு கஃபீன் என்று பொருள்படலாம். அது 10 மில்லிகிராம். எழுபது மடங்கு வித்தியாசம். இன்னொன்றையும் யோசியுங்கள்: ஒன்றுமே செய்யாத சாதாரண அராபிகாப் பொடியில் கஃபீன் 1.4 சதவீத அளவுதான். இரண்டாவது கணக்கின்படி அதையும் '98.6 சதவீதம் கஃபீன் இல்லாதது' என்று அச்சடிக்கலாம். சட்டப்படி யாரும் அப்படி விற்பதில்லை. ஆனால் அந்தச் சதவீதம் எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பது இதிலிருந்து புரியும்.

கடையில் கிடைப்பதை அளந்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். பிளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கஃபீன் நீக்கிய காபி என்று கடைகளில் விற்றதை வாங்கிச் சோதித்தார்கள். அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான பெரிய கோப்பையில், கண்டறிய முடியாத அளவு முதல் 13.9 மில்லிகிராம் வரை இருந்தது. ஒரே கடையில் வாங்கிய எஸ்பிரெசோவில் ஒரு முறை 3, இன்னொரு முறை கிட்டத்தட்ட 16 மில்லிகிராம். ஒரே கடை, ஒரே பெயர், ஐந்து மடங்கு ஏற்றத்தாழ்வு. அதனால் ஒரு கோப்பைக்கு இவ்வளவுதான் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இரண்டுக்கும் பதினைந்துக்கும் நடுவே என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இந்த அளவு யாரைப் பாதிக்கும்? பெரும்பாலோரை ஒன்றும் செய்யாது. கர்ப்பிணிகள் நாளுக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை; நான்கு தம்ளர் குடித்தாலும் அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. கஃபீனில் பாதி உடலை விட்டு வெளியேறச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அது பதினைந்து மணி நேரம்வரை நீளும்; கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இரட்டிப்பாகும். அப்படிப்பட்டவர்களும், ஒரு வாய் காபிக்கே நெஞ்சு படபடக்கும் இயல்புள்ளவர்களும், கஃபீனை அறவே தவிர்க்கும்படி மருத்துவர் சொன்னவர்களும் 'கஃபீன் நீக்கியது' என்பதை 'கஃபீனே இல்லாதது' என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அவர்கள் நீக்கிய சதவீதத்தைக் கேட்டு, அராபிகாவில் செய்ததாகவும் பார்த்து வாங்க வேண்டும்.

வயிற்றெரிச்சலுக்காக இதற்கு மாறுபவர்களுக்கு ஒரு சொல். கஃபீன் நீக்கிய காபியும் இரைப்பையில் அமிலச் சுரப்பைத் தூண்டும். அந்த வேலையைச் செய்வது கஃபீன் மட்டும் இல்லை. எனவே அசிடிட்டி அதனால் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சிக்கரியைப் பற்றிக் கேட்பீர்கள். சிக்கரி வேரில் கஃபீன் கிடையாது. அறுபதுக்கு நாற்பது என்று கலந்த பொடியில் பத்துக் கிராமுக்கு ஆறு கிராம்தான் காபி. அராபிகா என்றால் 82 மில்லிகிராம் கஃபீன். அதாவது நம்மில் பலர் அறியாமலே ஐந்தில் இரண்டு பங்கைக் குறைத்துக்கொண்டுதான் குடிக்கிறோம். ஆனால் அதே அறுபது பங்கு ரோபஸ்டாவாக இருந்தால் 150-ஐத் தாண்டிவிடும், கலக்காத அராபிகாவைவிட அதிகம். கஃபீனைக் குறைக்க நினைப்பவர் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது சிக்கரி எவ்வளவு என்பதைவிடக் கொட்டை எது என்பதைத்தான்.

நாளொன்றுக்கு நான்கைந்து தம்ளர் குடிப்பவர் ஒரே நாளில் கஃபீன் நீக்கிய காபிக்கு முழுக்க மாறினால், மறுநாளோ அதற்கடுத்த நாளோ தலைவலியும் சோர்வும் வரும். ஒரு வாரம்வரைகூட நீடிக்கும். இரண்டு பொடியையும் கலந்து, வாரத்துக்கு வாரம் பங்கை மாற்றிக்கொண்டு போனால் அந்தத் தொல்லை வராது. கடைக்காரர்கள் இப்படிக் கலந்து கொடுப்பதானால் இரண்டு கொட்டையையும் ஒரே உருளையில் போட்டு வறுக்க வேண்டாம். ஒன்று வேகுமுன் மற்றது கருகும். தனித்தனியாக வறுத்து, தனித்தனியாக அரைத்து, அதன்பின் எடைபோட்டுக் கலக்குங்கள்.